மாதத் தவணைச் சேமிப்பு எங்கே பிறந்தது?

கேள்வி: கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடிக் காளை வாங்க 2 லட்சம் ரூபாய் சேர்க்க நினைக்கிறேன். அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 3,000 ரூபாய் கட்டினால் எத்தனை மாதமாகும்? இந்தத் தவணைச் சேமிப்பை முதலில் தொடங்கியது யார்?
– வாசகர், காங்கேயம்

பதில்: நம் நாட்டில் சிறுகச் சிறுகக் கட்டும் வங்கிச் சேமிப்புக்குப் பேர்பெற்ற முன்னோடி, உடுப்பியில் பிறந்த சிண்டிகேட் வங்கி. நெசவாளர்களுக்குக் கைகொடுக்க 1925இல் தொடங்கிய அந்த வங்கி, 1928இல் ‘பிக்மி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. முகவர் வீடு தேடி வந்து தினமும் 2 அணாகூட வாங்கிக்கொள்வார். ஆர்.டி.யும் அதே வழிதான். நாளுக்குப் பதில் மாதம்.

இனி உங்கள் கணக்கு. அஞ்சலக ஆர்.டி.க்கு 2023 அக்டோபரில் நிர்ணயித்த வட்டி ஆண்டுக்கு 6.7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். மாதக் கணக்கில் பார்த்தால் இது 0.555 சதவீதம். முதல் மாத முடிவில் உங்கள் 3,000 ரூபாய் 3,016 ரூபாய் 66 காசாகிறது. அதோடு அடுத்த 3,000 சேர்ந்து, இரண்டாம் மாத முடிவில் சுமார் 6,050 ஆகிறது. இப்படியே எழுதிக்கொண்டு போனால் 56ஆம் மாதம் ஏறக்குறைய 1,97,500. 57ஆம் மாதம் 2,01,600. வட்டியே இல்லையென்றால் 67 மாதம் கட்ட வேண்டும். மாதாமாதம் எழுதாமல் ஒரே வரியில் விடை காண மடக்கை உதவும்.

ஐந்து ஆண்டுக்கு 6.7 சதவீதம் என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி வராது. முதல் தவணைக்கு மட்டுமே 60 மாத வட்டி. கடைசித் தவணைக்கு ஒரே மாத வட்டி. அதனால் கட்டிய 1,80,000 ரூபாய், முதிர்வில் சுமார் 2,14,100 ஆகும். கூடுதல் 19 சதவீதம்தான்.

முக்கியமான இடம் இனிமேல்தான். 57ஆம் மாதமே இலக்கு எட்டிவிட்டது என்று கணக்கை முடித்துவிடாதீர்கள். அஞ்சலக ஆர்.டி.யின் காலம் 60 மாதம். மூன்று ஆண்டு கழிந்தபின் இடையில் முடிக்கலாம். ஆனால் முதிர்வுக்கு ஒரு நாள் முன்பு முடித்தாலும் சேமிப்புக் கணக்குக்கான 4 சதவீத வட்டியே கிடைக்கும். அப்படி 57ஆம் மாதம் எடுத்தால் 2 லட்சத்துக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய் குறையும்.

ஆகவே சந்தைக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க முடியுமானால் 3,000 வேண்டாம். மாதம் 2,810 ரூபாயே போதும், 60ஆம் மாதம் 2 லட்சத்துக்குச் சற்று மேலே கைக்கு வரும். அதற்கு முன்பே காளை வேண்டுமென்றால், உங்களுக்குத் தேவையான மாதத்திலேயே முதிரும் வங்கி ஆர்.டி.யைத் தேர்ந்தெடுங்கள்.