திட்ட ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு ஒரு விண்ணப்பம்

நமது கிராமங்களிலிருந்து பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் பலர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் திட்ட ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கின்றனர். உற்பத்தியாளர் நிறுவனமாயின், அவ்விண்ணப்பங்களைப் படித்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்களும் பெரும்பாலும் உழவர்களே. ஆகவே விண்ணப்பத்தை எவ்வாறு எழுதுவது என்பதை மட்டுமின்றி, அதை எவ்வாறு படிப்பது என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர் தாமே குழாய் பதிப்பவர் அல்லர். கணக்கு எழுதுபவரும் அல்லர். எந்த வேலை முடிந்தபின் எந்த வேலை தொடங்க வேண்டும், அதை யார் செய்வது, எந்த நாளுக்குள் முடிப்பது என்று வகுத்து, தடை நேரும்போது முன்னதாகவே கண்டு சரிசெய்வதே அவருடைய பணி. புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு இதில் அனுபவம் ஏது என்று கேட்கலாம். இறுதியாண்டில் அவர் செய்த திட்டப்பணியே அவரிடம் உள்ள ஒரே சான்று. ஆனால் பலர் அதன் தலைப்பை மட்டும் ஒரு வரியில் குறித்துவிட்டு, ‘கடின உழைப்பும் தலைமைப் பண்பும் உடையேன்’ என்று பக்கத்தை நிரப்பிவிடுகின்றனர். அத்தகைய கடிதங்கள் நூறு வந்தாலும் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிய இயலாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வேளாண்மைப் பொறியியல் மாணவி ஒருவர், மூன்று தோழர்களுடன் சேர்ந்து, ஒரு கிராமத்தின் 30 திறந்த கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தை அளந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டில் கிணற்றுக்கு உரியவர்களின் இசைவைப் பெறுதல். ஒவ்வொரு கிணற்றின் கைப்பிடிச் சுவரிலும் அளவு தொடங்கும் இடத்தை வண்ணத்தால் குறித்தல். செப்டம்பரின் முதல் மூன்று வாரங்களில் முதல் அளவை. ஜனவரியில் இரண்டாம் அளவை. இதுவே அவர்களது திட்டம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரின் மூன்றாம் வாரத்தில் தொடங்குமாதலால், முதல் அளவைக்குப் பின் ஏறக்குறைய நான்கு வாரங்களைக் கைவசம் வைத்திருந்தனர்.

முதல் அளவை முடிந்ததும் ஒரு பிழை தென்பட்டது. ஒரே சமதளத்தில் அறுபது மீட்டர் இடைவெளியில் இருந்த இரு கிணறுகளின் நீர்மட்டத்தில் நான்கு மீட்டர் வேறுபாடு இருந்தது. விசாரித்தபோது, ஒன்றில் அளக்கும் நேரம் வரை மோட்டார் ஓடியிருந்தது தெரிந்தது. இறைத்த கிணற்றில் ஊற்றுச் சுரந்து நீர் பழைய நிலைக்கு ஏறும்முன் அளந்தால் கிடைப்பது உண்மையான மட்டமன்று. எல்லாக் கிணறுகளையும் பற்றி விசாரித்ததில் ஒன்பதன் அளவுகள் தள்ளத்தக்கவையாயின. உரியவர்களிடம் பேசி, முந்திய மாலை முதல் மோட்டாரை நிறுத்தச் செய்து, மூன்று விடியற்காலைகளில் அவற்றை மீண்டும் அளந்தனர். கைவசம் இருந்த நான்கு வாரங்களில் ஒன்று செலவாயிற்று. மழைக்கு முன் வேலை முடிந்தது.

இம்மாணவி, 120 உழவர்களுக்குச் சொட்டு நீர்ப்பாசனம் அமைக்கும் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் வேலைக்குக் கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

‘மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் நிறுவனத்தின் சொட்டு நீர்ப்பாசனத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் இவ்வாண்டு வேளாண்மைப் பொறியியலில் பட்டம் பெற்றேன்.

இறுதியாண்டில் நால்வராக 30 கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தோம். காலத்திட்டத்தை வகுத்ததும், கிணற்றுக்கு உரியவர்களிடம் இசைவு பெற்றதும் என் பொறுப்பு. அளவெடுத்தலும் வரைபடமும் மற்ற மூவரின் பொறுப்பு. முதல் அளவையில் ஒன்பது கிணறுகளின் அளவு பிழையாயிற்று. மோட்டார் எப்போது நிறுத்தப்பட்டது என்று குறிக்க எங்கள் பதிவுத்தாளில் இடமில்லாமையே காரணம். அவ்விடத்தைச் சேர்த்து, மூன்று நாள்களில் மீண்டும் அளந்தோம். ஒரு வாரம் தாமதமாயிற்று; ரூ. 3,000 என மதிப்பிட்ட செலவு ரூ. 3,400 ஆயிற்று.

தங்கள் திட்டத்திலும் முதலில் கவனிக்கவேண்டியது வேலையின் வரிசையே என்று கருதுகிறேன். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று ஆகியவை சேர்ந்த பின்னரே மானிய விண்ணப்பம் செல்லும். ஒப்புதல் கிடைத்து, நிலம் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே வெறுமையாய் இருக்கும்போதே குழாய் பதிப்பது எளிது. ஆகவே நடவு நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, யாருடைய சான்றுகளை முதலில் சேர்ப்பது என்று முடிவு செய்வேன். ஒப்பந்தக்காரர்களை வைத்து வேலை வாங்கிய பழக்கமும், பெருந்தொகையைக் கையாண்ட பழக்கமும் எனக்கு இல்லை. அவற்றைத் தங்கள் கணக்கரிடமும் மூத்த பணியாளரிடமும் கற்க வேண்டியவளாக இருக்கிறேன். திட்டமிட்ட நாள்களையும் நடந்த நாள்களையும் காட்டும் ஒரு தாளை இணைத்துள்ளேன்.’

இக்கடிதத்தில் நாம் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, குழுவின் வேலையும் தம் வேலையும் பிரித்துச் சொல்லப்பட்டுள்ளன. கல்லூரித் திட்டப்பணி பெரும்பாலும் பலர் கூடிச் செய்வது. ‘திட்டத்தை நடத்தினேன்’ என்று நால்வரும் எழுதினால், உண்மையில் நடத்தியவர் யார் என்று தேர்வாளர் அறியமாட்டார்.

இரண்டாவது, திட்டத்திற்கும் நடப்பிற்கும் இடையிலான வேறுபாடு மறைக்கப்படவில்லை. எல்லாம் குறித்த நாளில் முடிந்தன என்று சொல்லும் கடிதத்தினின்று எழுதியவர் திட்டமிட அறிந்தவரா என்று நாம் அறிய இயலாது. வேலை பிசகியதை எதனால் கண்டார், எவ்வளவு நாள் கைவசம் இருந்தது, அதில் எவ்வளவு செலவாயிற்று என்பவையே அதைக் காட்டும். பருவமழையைத் தள்ளிப்போட எவராலும் இயலாது. அதற்கு முன் நாள்களை விட்டுவைத்ததே அவர் திட்டத்தின் பயன்.

மூன்றாவது, தம் அனுபவத்தின் எல்லையை அவர் சொல்லியிருக்கிறார். முப்பது கிணறுகள் வேறு. 120 குடும்பங்களின் நிலமும் மானியமும் வேறு. கல்லூரியில் தாமதமானால் மதிப்பெண் குறையும். இங்கே தாமதமானால் ஓர் உழவர் ஒரு போகத்தை இழக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாதவர்க்கு வேலையை ஒப்படைப்பது அபாயம்.

நேர்காணலில் அமரும் இயக்குநர்கள் கடிதத்துடன் இணைத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்: ‘எந்த ஒரு வேலை தாமதமாகியிருந்தால் மழைக்கு முன் முடித்திருக்க முடியாது?’ தாமே திட்டமிட்டவர், இசைவு பெறும் வேலை செப்டம்பர் இறுதி வரை நீண்டிருந்தால் அளவைக்கு நாள் போதாமற் போயிருக்கும் என்று தயங்காமல் சொல்வார். பிறர் வகுத்ததைப் பார்த்து எழுதியவர், எல்லா வேலைகளும் முக்கியமே என்பார். அடுத்து, நம் ஊரின் நடவு மாதத்தைச் சொல்லி, சான்றுகளைச் சேர்க்க எந்த மாதத்தில் தொடங்குவீர் என்று கேட்கலாம். விடை சற்றுப் பிழையாயினும், அவர் பின்னோக்கி எண்ணுகிறாரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

விண்ணப்பிக்க இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், கடிதம் எழுதும்முன் தம் திட்டப்பணியின் பழைய குறிப்பேட்டை எடுத்து, நினைத்த நாள், நடந்த நாள் என இரு பத்திகளில் எழுதிப் பார்ப்பார்களாக. எங்கே இரண்டும் வேறுபடுகின்றனவோ, கடிதத்தின் நடுப்பகுதி அங்கே இருக்கிறது.