ஐந்தாம் நாளைக் கடக்கும் காய்ச்சல்

ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் நம் ஒன்றியத்து ஊர்களில் காய்ச்சலும் உடன் வருகிறது. அவற்றுள் பெரும்பாலானவை மூன்று நான்கு நாட்களில் தாமே தணிந்து விடுகின்றன. அவ்வாறு தணியாமல் ஐந்தாம் நாளையும் கடந்து நிற்கும் காய்ச்சலைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம். வயலிலும் புதரிலும் உழைப்போருக்கு இப்படி நீடிக்கும் காய்ச்சல்களுள் இரண்டு கவனிக்கத்தக்கவை. ஒன்று, பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்ற ஸ்க்ரப் டைஃபஸ். மற்றொன்று, எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ். இரண்டுக்கும் விலை குறைந்த மருந்து உண்டு. ஆனால் முதல் வாரத்தை வீணாக்கிவிட்டால் இரண்டாவது வாரத்தில் நுரையீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டு, உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், ஒரே ஊரில், ஒரே வாரத்தில் இருவர் இவ்வாறு படுத்தனர். இருவர் கதையையும் சற்று விரிவாகவே கூறுகிறோம். ஏனெனில் பாடம் முழுவதும் அவற்றிலேயே அடங்கியிருக்கிறது.

முதலாமவர் ஆடு வளர்க்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. ஏரிக்கரைப் புதர்களில் நாள்தோறும் புல் அறுத்து, விறகும் பொறுக்கி வருபவர். காய்ச்சலும் கடுந்தலைவலியும் கண்டதும் ஊசி போட்டுக்கொண்டார், கேட்கவில்லை. ரத்தத்தைச் சோதித்ததில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்குவாக இருக்கும் என்று சொல்லி மேலும் இரண்டு நாள் கழித்தார்கள். எட்டாம் நாள் வறட்டு இருமல் தொடங்கியது. மறுநாள் வீட்டுத் திண்ணையில் ஏறவே மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஆடை மாற்றிய செவிலியர் அவருடைய மார்பின் அடியில் காசளவு இல்லாத ஒரு கறுத்த பொருக்கைக் கண்டார். வலி இல்லை, அரிப்பு இல்லை. ஓரத்தில் மட்டும் சிவந்திருந்தது. ரவிக்கை உராய்ந்த புண் என்று எண்ணி அப்பெண்மணி அதை யாரிடமும் கூறவில்லை. நோய் இன்னதென்று அந்தப் பொருக்கே சொல்லிவிட்டது. எக்ஸ்ரே படத்தில் இரு நுரையீரல்களும் புகை படிந்தாற்போல் வெளுத்திருந்தன. ஆக்சிஜன் கொடுத்து, டாக்சிசைக்ளின் மருந்தையும் ஏற்றினார்கள். இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கியது. மூச்சு சீராக மேலும் ஒரு வாரம் பிடித்தது.

இரண்டாமவர் கூலிக்கு வரப்பு கழிக்கும் இளைஞர். மண்வெட்டி பட்டுக் காலில் ஏற்பட்ட வெட்டின்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு தேங்கிய நீரில் நான்கு நாள் வேலை செய்தார். பத்து நாள் கழித்துக் குளிர் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் சதையைத் தொட முடியாத வலி. எழுந்து நிற்கவே இயலவில்லை. கண்கள் சிவந்தன, ஆயினும் பீளை கட்டவில்லை. உழைத்த அலுப்பு என்று கருதி வலி நிவாரண ஊசி இரண்டு முறை போடப்பட்டது. ஆறாம் நாள் கண் மஞ்சளித்தது. மஞ்சள் காமாலை என்று வீட்டார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் வைத்தனர். அதில் மூன்று நாட்கள் போயின. வாந்தியும் விக்கலும் வந்து, சிறுநீரும் அற்றுப்போன பிறகே வண்டி ஏற்றினார்கள். ரத்தத்தில் சுமார் 1 என்ற அளவில் இருக்க வேண்டிய கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் 6க்கு மேல் ஏறியிருந்தது. பென்சிலின் கொடுத்து, நான்கு முறை டயாலிசிஸ் செய்தார்கள். மூன்றாவது வாரத்தில் சிறுநீரகம் தன் வேலையை மீண்டும் தொடங்கிற்று. இந்நோயின் ஒரு நற்குணம் அதுதான். அந்த இடைக்காலத்தைத் தாண்டவைத்தால் சிறுநீரகம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

இனி, இவை எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். உண்ணிக் காய்ச்சல் என்ற பெயர் நம் விவசாயிகளைத் தவறான வழியில் செலுத்துகிறது. மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் தொங்கும் உண்ணி இதற்குக் காரணமன்று. பயிரைத் தாக்கும் செஞ்சிலந்தியைப் போன்ற மிக நுண்ணிய பூச்சியினம் ஒன்று மண்ணிலும் சருகிலும் வாழ்கிறது. அதன் குஞ்சுப் பருவம் மட்டுமே கடிக்கும். அளவில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். அது புல் நுனியில் ஏறிக் காத்திருந்து, எலியோ மனிதரோ உரசும்போது தொற்றிக்கொள்கிறது. பிறகு இடுப்புக் கட்டு, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி போன்ற மறைவான இடங்களை நாடிச் செல்கிறது. கடித்தது தெரியாது. தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி குஞ்சுக்கு வந்துவிடுவதால், ஓரிடத்தில் குடியேறிய நோய் அங்கேயே ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது. ஏரிக்கரையின் ஒரு துண்டுப் புதரில் நோய் இருக்கும். நூறு அடி தள்ளி இராது. ஒரே தெருவில் இரண்டு பேருக்கு இக்காய்ச்சல் வந்தால், இருவரும் எங்கே புல் அறுத்தார்கள் என்று கேட்பது வீண் விசாரணை ஆகாது.

எலிக்காய்ச்சலின் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, அதன் சிறுநீரோடு வெளிப்படுகிறது. எலிக்கு அதனால் நோயில்லை. மாடு, பன்றி, நாய் ஆகியவையும் இதனை வெளியிடக்கூடும். வெயிலில் காய்ந்த மண்ணில் அது விரைவில் மடியும். ஈரச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். வெட்டுக்காயம், சேற்றுப்புண், நீரில் ஊறி நைந்த தோல், கண், வாய் ஆகியவை அது நுழையும் வாசல்கள்.

ஸ்க்ரப் டைஃபஸ் நுரையீரலையும் எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் மட்டுமே தாக்கும் என்று யாரும் கோடு கிழித்துக்கொள்ள வேண்டாம். முன்னது சிறுநீரகத்தையும் மூளையையும் பாதிப்பதுண்டு. பின்னது நுரையீரலுக்குள் ரத்தத்தைக் கசியவைப்பதுண்டு. அப்போது நோயாளி ரத்தமாகத் துப்புவார், மஞ்சள் நிறம் சிறிதும் தெரியாமலும் இருக்கலாம். அந்தமான் தீவுகளில் 1980களின் இறுதியிலிருந்து மக்கள் காய்ச்சலோடு ரத்தம் கக்கி மாண்டனர். அது எலிக்காய்ச்சலே என்பது 1990களில்தான் தெளிவாயிற்று.

ஆகவே காய்ச்சல்காரரின் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு வாரத்துக்குள் என்ன வேலை செய்தார், எங்கே செய்தார்? ஸ்க்ரப் டைஃபஸ் பெரும்பாலும் கடிபட்ட 10 அல்லது 12 நாட்களிலும், எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள்ளும் வெளிப்படுகின்றன. நேற்றைய மழையில் நனைந்ததைச் சொல்லும் நம் மக்கள், பத்து நாளைக்கு முந்திய புதரைச் சொல்வதில்லை. மருத்துவரும் கேட்க நேரமின்றிப் போகலாம். அந்த விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்புவது பஞ்சாயத்து அங்கத்தினர் எவருக்கும் இயலும்.

அடுத்து, உடலைத் தேட வேண்டும். கறுத்த பொருக்கு எல்லா நோயாளிக்கும் இராது. பலருக்குக் காணவே காணாது. இருந்தால் அதைவிட உறுதியான சாட்சி வேறில்லை. பெண்களிடம் கிராம சுகாதார செவிலியர் தனியறையில் வைத்துத் தேடுவதே முறை. வீட்டிலுள்ள பெண்களும் அவ்வாறே பார்க்கலாம்.

ரத்தச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். இந்நோய்களைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் எழ ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகின்றன. மூன்றாம் நாளில் எடுத்த சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால், ‘இன்னும் தெரியவில்லை’ என்பதே பொருள். ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஐயம் வலுத்தால், சோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015இல் வகுத்த வழிகாட்டுதல். பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை, பொதுவாக ஏழு நாள். இது இரண்டு நோய்களுக்கும் பொருந்துகிறது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. நாம் இதனை எழுதுவதன் காரணம் வேறு. பென்சிலின் வகை ஊசிகள் எலிக்காய்ச்சலுக்குப் பயன்படும். ஸ்க்ரப் டைஃபஸை அவை சிறிதும் தொடுவதில்லை. ஐந்து நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்காத நோயாளி, எந்த ஊசி போட்டார்கள் என்று சீட்டைக் காட்டிச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வழி திறந்துவிடும். சரியான மருந்து விழுந்தபின் ஸ்க்ரப் டைஃபஸ் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் தணியும். தணியாவிடில் நோயை மறுபடியும் ஆராய வேண்டும்.

தாமதத்தின் விலையை ஓர் ஆராய்ச்சி நன்கு காட்டுகிறது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்திய அதன் முடிவு 2023இல் வெளிவந்தது. ஸ்க்ரப் டைஃபஸ் முற்றிய நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தநாளத்தில் செலுத்தினால், தனித்தனியே கொடுப்பதைவிட நீடிக்கும் காய்ச்சலும் சிக்கல்களும் குறைகின்றன. ஆயினும் இறந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. முற்றிய பின் இரு மருந்தாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாத நிலை ஒன்று உண்டு என்று நாம் இதனைப் புரிந்துகொள்கிறோம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நோயாளி சும்மா படுத்திருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 24க்கு மேல் போனால் அன்றே ஆஸ்பத்திரி. சிறுநீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து வாருங்கள். நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறைந்தால் அதுவும் அன்றே. ஆனால் இங்கே ஓர் ஏமாற்றம் இருக்கிறது. எலிக்காய்ச்சலில் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் கெட்டுவருவதுண்டு. ஆகையால் கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் உடையவருக்குச் சிறுநீர் நன்றாகப் போனாலும் கிரியாட்டினின் சோதனை செய்தாக வேண்டும். வலி நிவாரண ஊசியை இக்காய்ச்சலில் அறவே தவிர்க்க வேண்டும். நலிந்த சிறுநீரகத்துக்கு அது மேலும் ஓர் அடி.

தடுப்பு வேலையில் நம் அனுபவத்தைச் சொல்கிறோம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடச் சொல்வது எளிது; உளைச் சேற்றில் நடவு நடுபவரால் அதைப் போட்டுக்கொண்டு காலெடுத்து வைக்க முடியாது. வாய்க்கால் தூர் வாருவோருக்கு அது உதவும். மற்றவர்கள், காலில் வெட்டோ சேற்றுப்புண்ணோ உள்ள நாளில் நீரில் இறங்காதிருப்பதும், மாலையில் நல்ல நீரில் சோப்புப் போட்டுக் கழுவுவதுமே நடக்கக்கூடியவை. புதர் வேலைக்குச் சென்றவர் வீடு திரும்பியதும் குளித்து, உடுத்திய துணியை மாற்ற வேண்டும். துணியைப் புதர்மேல் உலர்த்துவதையும், விறகை வீட்டுச் சுவரையொட்டி அடுக்குவதையும் விட்டுவிட வேண்டும்.

பஞ்சாயத்துகள் எலி ஒழிப்பு நடத்தும்போது வேலையின் வரிசை முக்கியம். குடியிருப்பை ஒட்டிய புதரை முதலில் வெட்டி, குப்பையை அகற்றி, நிலத்தில் வெயில் படச் செய்யுங்கள். எலிக்கு மருந்து வைப்பது அதன் பின்னர். புதரை அப்படியே விட்டு எலியை மட்டும் கொன்றால், உணவிழந்த அப்பூச்சிகள் அவ்வழியே வரும் மனிதரை நாடக்கூடும். புதர் வெட்டப்போகும் ஆட்களுக்கு முழுக்கைச் சட்டையும், கால்சட்டையின் நுனியைச் செருகிக்கொள்ளக் காலுறையும் தேவை. அவர்களுடைய பெயரையும் வேலை செய்த இடத்தையும் தேதியோடு பதிவேட்டில் குறித்து வைத்து, அடுத்த மூன்று வாரத்துக்குள் அவர்களில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால் அப்பக்கத்தைப் படியெடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.