விசேஷத்துக்குக் கடனா, நகையா?

தம்பி தங்கச்சிகளே, ஈப்போவில் தங்கச்சிக்கு மஞ்சள் நீராட்டு விழா என்று வைத்துக்கொள்வோம். மண்டபம், சாப்பாடு மட்டும் கணக்கில் வரும். பூ, சீர்த்தட்டு, ஐயர் தட்சிணை, வாடகை வேன், கடைசி நேரத்தில் வரும் கூடுதல் இலை எல்லாம் விட்டுப்போகும். இவற்றையும் எழுதினால் 12,000 ரிங்கிட் ஆகிறது. கையில் 6,000 இருக்கு. மீதி 6,000க்கு என்ன வழி?

அடகுக்கடையில் சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். தவணை ஆறு மாதம். 6,000க்கு மாதம் 120, ஆறு மாதத்தில் 720. ஆனால் அதற்குள் முதலையும் கட்டி நகையை மீட்க வேண்டும். மாதம் 200தான் மிச்சம் என்றால், வட்டி போக 80தான் முதலில் கழியும். மீட்க ஆண்டுக்கணக்கில் ஆகும். தவறினால் நகை போயிடும்.

வங்கியில் 8 விழுக்காடு நிலைவட்டியில் மூன்று ஆண்டுக் கடன் என்றால், வட்டி 1,440. மாதத் தவணை சுமார் 207. நீங்கள் கட்டக் கட்ட முதல் குறைந்தாலும், வட்டி முழு 6,000க்கே போடப்படுகிறது. அதனால் உண்மை வட்டி ஆண்டுக்கு 14 விழுக்காட்டைத் தாண்டும்.

எனவே நான் முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் கட்டுவீங்க?" ஆறு மாதத்துக்குள் நிச்சயம் பணம் வருமென்றால் அடகு மலிவு. மாதம் 207 கட்ட முடியும் என்றால் கடன் மலிவு. அதுவும் முடியாதென்றால், அழைப்பைக் குறைத்துக் கையிலுள்ள 6,000க்குள் முடிங்க.