எட்டு சதவீதம் ‘முதல்’ என்றால் யாருக்கு?

கேள்வி: வங்கிக் கிளை ஒன்றில் தீபாவளி வீட்டுக்கடன் சலுகைக்கான துண்டறிக்கையைத் தமிழில் எழுதும் பொறுப்பு வாசகர் ஒருவருக்கு வந்துள்ளது. ‘8 சதவீதம் முதல், செயலாக்கக் கட்டணம் முற்றிலும் இல்லை’ என்ற வரியைப் பெரிதாகவும், நிபந்தனைகளை நட்சத்திரக் குறியிட்டு அடியிலும் அச்சிடுவதே வழக்கம் என்கின்றனர் மேலதிகாரிகள். கட்டணங்களை மறைக்காமலும், படிப்பவர் மிரண்டு ஓடாமலும் எழுத வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு முதலில் அந்த வட்டி எப்படி உருவாகிறது என்பதைத் துண்டறிக்கை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தனிநபர்களுக்குப் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் அனைத்தும் வங்கிக்கு வெளியே உள்ள ஓர் அளவுகோலுடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலான வங்கிகள் இதற்கு ரெப்போ விகிதத்தை, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் விகிதத்தை, எடுத்துக்கொள்கின்றன. அதன்மேல் வங்கி சேர்க்கும் பகுதி ‘ஸ்பிரெட்’ எனப்படுகிறது; கடன் வாங்குபவர் திருப்பிச் செலுத்தாமல் போகக்கூடிய அபாயத்துக்கான கூடுதல் வட்டியும் அதற்குள் அடங்கும். 2025 தீபாவளியின்போது ரெப்போ 5.50 சதவீதமாக இருந்தது என்பதால், அப்போது 8 சதவீதம் என்று விளம்பரம் செய்த ஒரு வங்கி, தான் சேர்ப்பது 2.50 என்றே சொல்லியதாகும்.

‘முதல்’ என்ற சொல்லில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. கடன் பத்திரத்தில் ‘முதல்’ என்றால் அசல். விளம்பரத்திலோ அது மிகச் சிலருக்கு மட்டும் கிடைக்கும் ஒன்றைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 300 முதல் 900 வரை கணக்கிடப்படும் சிபில் மதிப்பெண் மிக உயர்ந்தவருக்கு 8.00 என்றும், அதில் சற்றுக் குறைந்த சம்பளக்காரருக்கு 8.75 என்றும் ஒரே வங்கி வைத்திருக்கக்கூடும். 40 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் முன்னவருக்கு மாதத் தவணை 33,458 ரூபாய், பின்னவருக்கு 35,348 ரூபாய். மாதம் 1,890 ரூபாய் வேறுபடும் இரண்டு நிலைகளில் ஒன்றை மட்டும் அச்சிடுவது பொய் ஆகாது. ஆனால் படிப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கிளைக்கு வந்த பிறகே அறிய நேர்ந்தால், அந்த அறிக்கை தன் வேலையைச் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வட்டியைவிட அதிகமாக மறைவது கட்டணம். மேற்சொன்ன 8.75 சதவீதக்காரருக்குச் செயலாக்கக் கட்டணம் அரை சதவீதம், அதாவது 20,000 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,600 ரூபாயும் தள்ளுபடி செய்யப்பட்டதாகக் கொள்வோம். சட்ட ஆய்வுக்கும் சொத்து மதிப்பீட்டுக்கும் வரி உட்பட 10,000 ரூபாய் தொடர்ந்து வாங்கப்படுகிறது. கூடவே ஒரு லட்சம் ரூபாய் ஒற்றைப் பிரீமியம் கொண்ட கடன் பாதுகாப்புக் காப்பீடு, கடன் தொகையோடு சேர்க்கப்பட்டு 41 லட்சமாகிறது. மாதத் தவணை 36,232 ரூபாய் ஆகிவிட, காப்பீட்டுக்காகக் கடனில் ஏறிய அந்த ஒரு லட்சம் மட்டும் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 2.12 லட்சம் ரூபாயாகத் திரும்பச் செலுத்தப்படுகிறது.

இவற்றையெல்லாம் ஒரே எண்ணாக்கிக் காட்டுவது ‘ஏபிஆர்’ எனப்படும் ஆண்டுச் சதவீத விகிதம். வட்டியோடு கடனுக்காகச் செலுத்தும் கட்டணங்களையும், வங்கி பிறருக்காக வசூலிக்கும் காப்பீடு, சட்டச் செலவு போன்றவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படும் உண்மையான ஆண்டுச் செலவு அது. ‘கட்டணமே இல்லை’ என்ற மேற்கண்ட சலுகையின் ஏபிஆர் சுமார் 9.13 சதவீதம். அதே நபர் 23,600 ரூபாய் கட்டணத்தையும் 10,000 ரூபாய் ஆய்வுச் செலவையும் கட்டிவிட்டு, காப்பீடு இல்லாமல் 40 லட்சத்தை மட்டும் வாங்கியிருந்தால் ஏபிஆர் சுமார் 8.87 சதவீதம்தான். காப்பீடு வீண் செலவு என்பது இதன் பொருளன்று, குடும்பத்துக்கு அது பாதுகாப்புத் தருவதே. ஆனால் அதைத் தனியே, விலையோடு, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்போடு காட்ட வேண்டும். கட்டணம் தள்ளுபடி என்ற வரி பெரிய எழுத்திலும் காப்பீடு கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும் இருக்குமானால், அதைச் சலுகை என்று அழைப்பது சரியன்று.

சலுகை எவ்வளவு காலம் என்பதும் அவ்வாறே. முதல் ஆண்டு மட்டும் குறைந்த வட்டி, பிறகு கூடுதல் என்ற வகைக் கடன்கள் பெருகியதைக் கண்டு, 2010 நவம்பரில் ரிசர்வ் வங்கி அவற்றுக்கு வங்கிகள் ஒதுக்கிவைக்க வேண்டிய தொகையை 0.40 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்திய வரலாறு உண்டு. ஆகவே 2.50 என்ற சலுகை ஸ்பிரெட் கடன் முடியும் வரை பொருந்துமா, முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டுமா என்பது வட்டிக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். கடன் ஒப்புதல் கிடைத்தால் போதுமா, பணமே குறிப்பிட்ட தேதிக்குள் வழங்கப்பட வேண்டுமா என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டி முடியாத அடுக்ககத்துக்குப் பகுதி பகுதியாகப் பணம் வழங்கப்படும்போது இதில்தான் பெரும்பாலான பூசல் எழுகிறது.

மேற்கண்ட எண்களையே கொண்டு எழுதினால் துண்டறிக்கை ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“தீபாவளி வீட்டுக்கடன்: சிபில் மதிப்பெண் 800க்கு மேல் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 8.00%, 750 முதல் 800 வரை உள்ளவர்களுக்கு 8.75%. இது ரெப்போ விகிதத்துடன் இணைந்த மாறும் வட்டி; ரெப்போ ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். நாங்கள் சேர்க்கும் பகுதி (2.50% அல்லது 3.25%) முதல் ஆண்டோடு முடிவதன்று. செயலாக்கக் கட்டணம் இல்லை. சட்ட ஆய்வு, சொத்து மதிப்பீட்டுக்கு வரி உட்பட ரூ.10,000. அடமானப் பதிவுக்கான முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அரசுக்குத் தனியே செலுத்த வேண்டியவை. ஒரு லட்சம் ரூபாய் ஒற்றைப் பிரீமியம் கொண்ட கடன் பாதுகாப்புக் காப்பீடு கட்டாயமில்லை. 40 லட்சம், 20 ஆண்டு, 8.75% எனில் மாதத் தவணை ரூ.35,348. நவம்பர் 30க்குள் முதல் பகுதிப் பணம் பெறுபவர்களுக்கு மட்டும்.”

இதில் நட்சத்திரக் குறி ஒன்றுகூட இல்லை என்பதையும், வழக்கமான விளம்பரத்தைவிட ஐந்தாறு வரிகளே கூடியிருப்பதையும் மேலதிகாரிகளிடம் காட்டலாம். ரெப்போ பற்றிய வரி வெறும் அலங்காரமன்று: 2025 டிசம்பரில் அது 5.25 ஆகக் குறைந்தபோது, 3.25 ஸ்பிரெட் கொண்டவரின் வட்டி அடுத்த மறுநிர்ணயத்தில் 8.50 ஆகியிருக்க வேண்டும். அந்த மறுநிர்ணயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கான விதி. வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் பலவும் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தையே பின்பற்றுவதால், அவற்றுக்கு இந்த வாசகம் அப்படியே பொருந்தாது.

இன்னொன்று. 2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு புதிய சில்லறைக் கடனுக்கும், வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில், ஏபிஆரும் எல்லாக் கட்டணங்களும் அடங்கிய ‘முக்கிய விவர அறிக்கை’ ஒப்பந்தத்துக்கு முன்பே தரப்பட வேண்டும். அதில் இடம்பெறாத கட்டணத்தை வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. துண்டறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் அந்த அறிக்கையின் மாதிரிப் படிவத்தை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இருக்கும் ஒரு கட்டணம் துண்டறிக்கையில் இல்லையென்றால், துண்டறிக்கையைத் திருத்திய பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.