கூட்டுக் கணக்கில் வங்கி கைவைக்கலாமா?

கேள்வி: என் கடனில் இரண்டு தவணை பாக்கி நின்றதற்காக, நானும் மனைவியும் கூட்டாக வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து வங்கி பணம் எடுத்துக்கொண்டது. இது நியாயமா?

பதில்: தங்கள் தனிப்பெயரிலுள்ள கணக்காயிருந்தால், கெடு கடந்த தொகையை அதில் ஈடுசெய்துகொள்ள வங்கிக்குப் பாத்தியதை உண்டு, ஏனெனில் அங்கே பணம் போட்டவரும் கடன்பட்டவரும் ஒரே நபர், ஒரே ஹோதாவில் இருக்கிறார். கூட்டுக் கணக்கிலோ, வங்கி பணம் கொடுக்கவேண்டியது இருவருக்கும் சேர்த்து; கடனோ தங்களுடையது மட்டுமே. ஆகையால், தங்கள் மனைவி ஜாமீனாகவோ சககடனாளியாகவோ கையொப்பமிட்டிருந்தாலன்றி, அல்லது கணக்கு தொடங்கிய படிவத்தில் இதற்குச் சம்மதித்திருந்தாலன்றி, அவ்விதம் எடுத்தது முறையல்ல என்பதே என் அபிப்பிராயம். அந்தப் பத்திரங்களின் பிரதிகளைக் கேட்டு வாங்கி, கெடு வராத தவணையும் சேர்ந்து கழிக்கப்பட்டதா என்று பார்த்து, வங்கிக்கு எழுத்துமூலம் ஆட்சேபணை அனுப்புங்கள். 30 நாட்களில் பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே முறையிடலாம்.