மூக்கு குத்திய விமானமும் நான்கு எண்களும்

முப்பரிமாண விளையாட்டு செய்யப் பழகும் மாணவர்கள் பலர் முதலில் ஒரு விமானத்தைப் பறக்கவிடத்தான் ஆசைப்படுகிறார்கள். யூனிட்டி போன்ற மென்பொருளில் அந்த விமானம் இடம் வலம் திரும்பும், இறக்கையைச் சாய்க்கும், மூக்கைத் தாழ்த்தும். எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் மூக்கைத் தாழ்த்திக்கொண்டே போய் ஒரு முழு வட்டம் அடிக்கச் சொன்னால், மூக்கு தரையை நோக்கிச் செங்குத்தாக வந்த இடத்தில் விமானம் நடுங்க ஆரம்பித்துவிடும். அதைத் தாண்டவே தாண்டாது. மாணவர் எழுதியது இந்த மூன்று வரிகள்தான்:

```
Vector3 e = transform.eulerAngles;
e.x += 2f;
transform.eulerAngles = e;
```

இப்போதைய கோணத்தை எடு, இரண்டு பாகை கூட்டு, திரும்ப வை. கூட்டலில் பிழை ஏதும் இல்லை. பிழை, கோணங்களைக் கொண்டு நிலையைக் குறிக்கும் முறையில் இருக்கிறது. அதைப் புரியவைக்கக் கணினி ஆய்வகம்கூட வேண்டாம், ஒரு காகித விமானம் போதும்.

ஒரு பொருள் எப்படித் திரும்பி நிற்கிறது என்பதை மூன்று கோணங்களால் சொல்லும் வழக்கத்துக்குக் கணித அறிஞர் ஆய்லரின் பெயர் வழங்குகிறது. யூனிட்டியில் Y கோணம் விமானத்தைத் திசை திருப்பும், X கோணம் மூக்கைத் தாழ்த்தும், Z கோணம் விமானத்தைத் தன் உடலின் நீளவாட்டில் உருட்டும். இவை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக நடப்பவை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. திசை திருப்பும் அச்சு எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். உருட்டும் அச்சு விமானத்தோடு சேர்ந்து சாயும்.

காகித விமானத்தை மூக்கு முன்னோக்கி இருக்கும்படி கிடையாகப் பிடியுங்கள். திசை திருப்பினால் மூக்கு திசைகாட்டி முள்போல் சுற்றும். உருட்டினால் மூக்கு அசையாது, இறக்கைகள் மட்டும் மேலும் கீழும் போகும். இரண்டும் வெவ்வேறு அசைவுகள் என்று முதல் வரிசையில் இருக்கும் குழந்தைகூடச் சொல்லிவிடும். இப்போது மூக்கை நேராகத் தரையை நோக்கித் திருப்புங்கள். செங்குத்து அச்சில் திசை திருப்பினால் விமானம் துளைப்பான்போல் சுழலும். உடலின் நீளவாட்டில் உருட்டினாலும் அதே துளைப்பான் சுழற்சிதான். இரண்டு அச்சுகளும் ஒரே கோட்டில் வந்து விழுந்துவிட்டன. கையில் மூன்று எண்கள் இருந்தாலும் அவற்றால் செய்ய முடிவது இரண்டு வகை அசைவுதான். மூக்கை ஓர் இறக்கையின் பக்கமாக நேரே ஒதுக்கும் அசைவு காணாமல் போய்விட்டது. கிம்பல் பூட்டு என்பது இதுதான். பெயரைக் கேட்டால் ஏதோ இறுகிப் பூட்டிக்கொண்டதுபோல் தோன்றும். உண்மையில் எதுவும் இறுகவில்லை, ஒரு வகை அசைவு தொலைந்திருக்கிறது, அவ்வளவே.

கணினி இருக்கும் பள்ளியில் இதை எண்களாகவே காட்டலாம். ஒரு பொருளின் Inspector பகுதியில் X = 90, Y = 30, Z = 0 என்று கொடுங்கள். பிறகு Y-ஐ 50 என்றும் Z-ஐ 20 என்றும் மாற்றிப் பாருங்கள். பொருள் முன்பு நின்றபடியே நிற்கும். X கோணம் 90 ஆனபின் Y-க்கும் Z-க்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கணக்கில் வருகிறது. இரண்டு இடத்திலும் அது 30.

கிம்பல் என்ற சொல் இயந்திர உலகிலிருந்து வந்தது. கப்பல் ஆடினாலும் திசைகாட்டி ஆடாமலிருக்க அதை ஒன்றுக்குள் ஒன்றாகத் தொங்கும் வளையங்களில் பொருத்துவார்கள். அந்த வளையங்களுக்குத்தான் கிம்பல் என்று பெயர். 1969-இல் நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 11 விண்கலத்தின் திசையறியும் கருவியும் மூன்று வளையங்கள் கொண்டது. நான்காவது வளையம் சேர்த்தால் பூட்டைத் தவிர்க்கலாம் என்று பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் மூன்றோடு நிறுத்தி, ஆபத்தான கோணத்தை நெருங்கும்போது எச்சரிக்கை விளக்கு எரியும்படி செய்தார்கள். அந்தக் கோணத்துக்குக் கலம் போய்விடாமல் விண்வெளி வீரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி நடுங்கும் விமானத்துக்கு வருவோம். சமூக அறிவியல் ஆசிரியரிடமிருந்து உலக உருண்டையை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தப் பகுதி எளிதாகிவிடும். சென்னைக்கு அருகே ஏறத்தாழ 80° கிழக்கு தீர்க்கக்கோடு செல்கிறது. அந்தக் கோட்டிலேயே வடக்கே போய் 89° வடக்கில் நிற்கும் ஒருவர், நேராக நடந்து வடதுருவத்தைத் தாண்டி, மறுபுறம் 89°-க்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கடந்தது இரண்டு பாகைத் தொலைவு. ஆனால் அவருடைய தீர்க்கரேகை 80° கிழக்கிலிருந்து 100° மேற்காகத் தாவிவிட்டது. அவர் 91° வடக்கில் இருப்பதாக யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அட்சரேகைக் கணக்கு 90-ஓடு முடிந்துவிடுகிறது.

விமானத்துக்கும் அதே கதிதான். ஒரு பிரேமுக்கு 2 பாகை வீதம் கூட்டிக்கொண்டே போனால் 44-ஆவது பிரேமில் X = 88, அடுத்ததில் 90, அதற்கடுத்ததில் 92. மென்பொருளிடம் 92 என்று கொடுத்தால் அது விமானத்தைச் சரியான நிலையில்தான் வைக்கும். ஆனால் அடுத்த பிரேமில் கோணம் என்னவென்று கேட்கும்போது X = 88, Y = 180, Z = 180 என்று பதில் வரும். இதுவும் அதே நிலையைக் குறிக்கும் எண்கள்தான், பொய் அல்ல. நம் நிரல் அந்த 88-உடன் 2-ஐக் கூட்டுகிறது. முன்னே போக வேண்டிய விமானம் 90-க்குத் திரும்பி வருகிறது. மறுபடி 92-க்குப் போகிறது, மறுபடி 88 என்று பதில் வருகிறது. இப்படி 90-க்கும் 92-க்கும் இடையே மாறி மாறி வருவதையே நாம் நடுக்கமாகப் பார்க்கிறோம்.

எந்த மூன்று கோணங்களை எந்த வரிசையில் எடுத்தாலும் இப்படி ஒரு துருவம் எங்காவது வந்தே தீரும். வரிசையை மாற்றினால் துருவம் இடம் மாறுமே தவிர மறையாது. அதனால்தான் விளையாட்டு மென்பொருள்கள் உள்ளே நான்கு எண்களை வைத்துக்கொள்கின்றன. அந்த நான்கு எண்களும் சேர்ந்ததுதான் குவாட்டர்னியன்.

பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் நடத்துபவர்களுக்கு இதன் தொடக்கம் தெரிந்ததே. ஒரு கலப்பெண்ணை i-ஆல் பெருக்கினால் அது தளத்தில் 90 பாகை சுழல்கிறது. தளத்தில் நடப்பதை வெளியிலும் நடத்த வேண்டும் என்று அயர்லாந்தின் ஹாமில்டன் பல ஆண்டுகள் முயன்றார். மூன்று எண்களால் முடியவில்லை. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையில் நடந்துபோகும்போது, நான்கு எண்கள் வேண்டும் என்பது அவருக்குப் புலப்பட்டது. i² = j² = k² = ijk = −1 என்ற விதியை அங்கிருந்த பாலத்தின் கல்லில் அவர் கீறி வைத்தார். அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. இந்த விதிப்படி ij = k, ஆனால் ji = −k. பெருக்கலின் வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது. சுழற்சியும் அப்படித்தான்: ஒரு புத்தகத்தை முதலில் முன்பக்கமாகவும் பிறகு பக்கவாட்டிலும் புரட்டுவதும், அதையே வரிசை மாற்றிச் செய்வதும் ஒரே நிலையில் முடிவதில்லை.

குவாட்டர்னியன் சுழற்சியை மூன்று தனித்தனித் திருப்பங்களாக உடைப்பதில்லை. எந்த அச்சைச் சுற்றி, எவ்வளவு என்று ஒரே வாக்கியமாகச் சொல்கிறது. முதல் எண், கோணத்தில் பாதியின் cos மதிப்பு. மற்ற மூன்றும் அந்தப் பாதியின் sin மதிப்பை அச்சின் திசைக்கேற்பப் பிரித்துக் கொடுத்தவை. பாதி எதற்கு என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். சுழற்ற வேண்டிய வெக்டரை இடப்புறம் ஒருமுறையும், வலப்புறம் அதன் தலைகீழியால் ஒருமுறையும் பெருக்குகிறோம். இரண்டு பெருக்கலும் ஆளுக்குப் பாதிச் சுழற்சியைத் தருகின்றன.

நம் விமானத்தையே இதில் எழுதிப் பார்க்கலாம். X அச்சில் 88 பாகை என்றால் cos 44° = 0.719, sin 44° = 0.695, மற்ற இரண்டும் 0. 92 பாகை என்றால் cos 46° = 0.695, sin 46° = 0.719, மற்ற இரண்டும் 0. விமானம் நான்கு பாகை நகர்ந்தது, எண்களும் சிறிதளவே நகர்ந்தன. ஆய்லர் முறையில் இதே இடத்தில் இரண்டு எண்கள் 180 பாகை தாவின. குவாட்டர்னியனுக்கு 90 பாகை என்பது மற்றக் கோணங்களைப் போல ஒரு கோணம், அவ்வளவுதான். எனவே திருத்தம் ஒரே வரிதான்:

```
transform.rotation = transform.rotation * Quaternion.Euler(2f, 0f, 0f);
```

இருக்கும் நிலையை இரண்டு பாகைச் சுழற்சியால் பெருக்குகிறோம். கோணத்தைத் திரும்பப் படிக்கும் வேலையே இல்லை. விமானம் வட்டத்தை முடித்துவிடும்.

Quaternion என்ற சொல் நிரலில் வந்துவிட்டாலே பூட்டு விலகிவிடும் என்று நினைக்க வேண்டாம். Y, X, Z என்று மூன்று மாறிகளைத் தனியே சேர்த்துவைத்து, ஒவ்வொரு பிரேமிலும் அவற்றை Quaternion.Euler-க்குள் போட்டால், காகித விமானத்தில் பார்த்த பூட்டு அப்படியே வரும். எண்களைச் சேர்த்துவைக்கும் இடத்தில்தான் மாற்றம் வேண்டும்.

குவாட்டர்னியனுக்கும் ஒரு வினோதம் உண்டு. நான்கு எண்களின் குறியையும் மாற்றினால் கிடைப்பதும் அதே நிலைதான். இரண்டு நிலைகளுக்கு நடுவே மெல்ல நகர்த்தும்போது தவறான குறியை எடுத்தால் பொருள் நீண்ட வழியில் சுற்றிக்கொண்டு போகும். யூனிட்டியின் Quaternion.Slerp இதைக் கவனித்துக் குறுகிய வழியையே எடுக்கிறது. இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு நிற்க வேண்டும் என்றால் அதைக் குவாட்டர்னியனிடம் சொல்ல வழியில்லை, சுற்றுகளைத் தனியே எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஆய்லர் கோணங்களை விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து அல்ல. நடந்து செல்லும் ஒருவரின் கண் வழியாகக் காட்டும் விளையாட்டில் பார்வை 89 பாகைக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் தடுத்துவிட்டால், இரண்டு கோணங்களே போதும், படிக்கவும் எளிது. 0.719, 0.695 என்று பார்த்து விமானம் எப்படி நிற்கிறது என்று சொல்லிவிட எந்த மாணவராலும் முடியாது, நம்மாலும் முடியாது. Inspector கோணங்களையே காட்டுவதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் பிழை தேடும்போது Inspector எண்களை மட்டும் நம்ப வேண்டாம். நாம் தட்டச்சு செய்த கோணத்தை அது நினைவில் வைத்துக் காட்டும். நிரல் படிக்கும் கோணம் வேறாக இருக்கலாம். மாணவரின் நிரலில் முதல் வரிக்குக் கீழே இதைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்:

```
Debug.Log(e);
```

பொருள் சற்றே அசைந்திருக்க, இரண்டு எண்கள் மட்டும் ஒரே பிரேமில் 180-க்குத் தாவினால் காரணம் இந்தத் துருவம்தான். அப்படித் தாவாமல் நடுங்கினால் வேறு இடத்தில் தேட வேண்டும்.