ஸ்டாக் ரிப்போர்ட் வராவிட்டால் சரக்கை நிறுத்தலாமா?

உணவுப் பொருள் தயாரிக்கும் சிறு நிறுவனங்களுக்குத் தங்கள் பில்லில் போன சரக்கு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும். அது விநியோகஸ்தரின் குடோனில் கிடக்கிறதா, கடைகளுக்குப் போய்விட்டதா என்பது தெரியாது. பில்லில் போனதை பிரைமரி விற்பனை என்றும் கடைகளுக்குப் போனதை செகண்டரி விற்பனை என்றும் இந்தத் தொழிலில் சொல்வார்கள். பிரைமரியை மட்டும் பார்த்து உற்பத்தியைக் கூட்டியவர்கள், ஆறேழு மாதம் கழித்து எக்ஸ்பைரி சரக்கு மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும்போதுதான் விஷயத்தை உணர்கிறார்கள். அதனால்தான் ‘மாதாமாதம் இருப்பு, விற்பனைக் கணக்கு தந்தால்தான் அடுத்த லோடு’ என்று நிபந்தனை போடத் தோன்றுகிறது.

இந்தக் கணக்கைப் பெற நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு: கணக்கு வராவிட்டால் சப்ளையை நிறுத்துவது, சப்ளையைத் தொடர்ந்து கொடுத்து சலுகைகளை மட்டும் கணக்கோடு கட்டுவது, நம் ஆளையே அனுப்பி எண்ண வைப்பது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது, சரக்கு பில்லான பிறகும் அதன் நஷ்டத்தில் உங்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

விநியோகஸ்தர் முன்பணம் கட்டி வாங்குகிறார், எக்ஸ்பைரியும் அவர் தலையில்தான் என்றால், “காசு கொடுத்து வாங்கின சரக்குக்கு உங்களுக்கு எதுக்குங்க கணக்கு?” என்ற அவருடைய கேள்வி நியாயமானது. அங்கே சப்ளையை நிறுத்தினால் அவர் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார். முப்பது நாள் கடன் தருகிறீர்கள், காலாவதியானதைத் திரும்ப எடுக்கிறீர்கள், ஒரு மாவட்டத்தையே அவருக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு. அந்தச் சரக்கில் உங்கள் பணமும் கிடக்கிறது. அங்கே கணக்கு கேட்பது உங்கள் உரிமை. தராதவருக்குச் சப்ளையை நிறுத்துவதிலும் தவறில்லை.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. ஒப்பந்தத்தில் படிப்படியாக எழுதுங்கள். அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் கணக்கு வர வேண்டும். ஒரு மாதம் தவறினால் எழுத்தில் நினைவூட்டல், இரண்டாவது மாதமும் தவறினால் கடன் நிறுத்தம், ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு, மூன்றாவது மாதத்தில் புதிய ஆர்டர் ஏற்பதில்லை. ஏற்கெனவே பணம் வாங்கிய ஆர்டரை மட்டும் எக்காரணத்துக்காகவும் பிடித்து வைக்காதீர்கள். அது உங்கள் கடமை. மீறினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். 10-ம் தேதி என்பதற்கும் காரணம் உண்டு. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்பவருக்கு 11-ம் தேதி கடைசி நாள் என்பதால், அதற்குள் விற்பனை பில்கள் எப்படியும் கணக்கில் ஏறியிருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்னையே நகல் கேட்டு வாங்குவதில் பயனில்லை. அதில் பொருள் விவரம் எச்எஸ்என் வாரியாகத்தான் இருக்கும். உங்கள் சாம்பார் பொடியும் போட்டி நிறுவனத்தின் பொடியும் ஒரே வரியில் கலந்துவிடும்.

கணக்கு எப்படிப் பேசுகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஈரோட்டில் மசாலா தூள் தயாரிக்கும் ஒருவருக்குத் திண்டுக்கல்லில் ஒரு விநியோகஸ்தர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதத் தொடக்க இருப்பு 120 பெட்டி, வரவு 300, விற்பனை 180, டேமேஜ் இல்லை. இறுதி இருப்பு 240. மாதம் 180 பெட்டி ஓடும் இடத்தில் இது நாற்பது நாள் சரக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை லோடு போகும் ஊருக்கு இருபத்தைந்து நாள் இருப்பே தாராளம். நிதியாண்டு முடிவு டார்கெட்டுக்காக நம் விற்பனைப் பிரதிநிதியே சரக்கைத் திணித்திருக்கிறார் என்பது இங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. ஏப்ரலில் அவர் மேலும் 200 பெட்டி ஆர்டர் கொண்டுவந்தால் அதைக் குறைக்க வேண்டியது நீங்கள். கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு திணிப்பையும் தொடர்ந்தால், அடுத்த மாதம் முதல் விநியோகஸ்தர் வாய்க்கு வந்த எண்ணை எழுதி அனுப்புவார்.

இப்போது ஏப்ரல் கணக்கு வருகிறது. தொடக்க இருப்பு 205 என்று இருக்கிறது. மார்ச் இறுதியில் இருந்தது 240. முப்பத்தைந்து பெட்டி எங்கே? பூச்சி விழுந்ததை ஒதுக்கி வைத்து எழுதாமல் விட்டிருக்கலாம். பில் போடாமல் கடைக்கு இறக்கியிருக்கலாம். டார்கெட் சலுகை வாங்கிய சரக்கைப் பக்கத்து மாவட்டத்தில் குறைந்த விலைக்குத் தள்ளியிருக்கலாம். கடைசியது நடந்திருந்தால் பேட்ச் எண் காட்டிக்கொடுக்கும்: மதுரைக் கடையில் இருக்கும் பாக்கெட்டின் பேட்ச், நீங்கள் திண்டுக்கல்லுக்கு அனுப்பிய பில்லில் இருக்கும். அதனால் உங்கள் பில்லில் பேட்ச் எண்ணைத் தவறாமல் போடுங்கள். ஒரு பேட்சில் கோளாறு என்று திரும்பப் பெற வேண்டி வந்தாலும் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

பொய்க் கணக்கை வேறு விதமாகவும் கண்டுபிடிக்கலாம். மாதாமாதம் வாங்கியதும் விற்றதும் ஒரே எண்ணாக வருவது, எல்லாம் பத்து, ஐம்பதில் முடிவது, ஆண்டு முழுக்க டேமேஜ் பூஜ்யம் என்பது ஆகியவை உட்கார்ந்து எழுதிய கணக்கின் அடையாளங்கள்.

இரண்டாவது வழி பல சிறு நிறுவனங்களுக்கு முதல் வழியைவிடப் பொருத்தமானது. சரக்கு வழக்கம்போலப் போகும். ஸ்கீம் தொகை, எக்ஸ்பைரி கிளைம், டேமேஜ் கிரெடிட் நோட் இவையெல்லாம் கணக்கு வந்த பிறகே பாஸ் ஆகும். கணக்கு வராத மாதத்தின் கிளைம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். விநியோகஸ்தருக்கு வர வேண்டிய பணம் இதில் இருப்பதால் அவரே நம் ஆபீசுக்குப் போன் செய்து கணக்கை அனுப்புவார். உங்கள் விற்பனையும் நிற்காது. ஆனால் கிளைமை நீங்கள் சொன்ன தேதிக்குள் தீர்க்க வேண்டும். மூன்று மாத கிளைமைப் பாக்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்த வழி செல்லாது.

மூன்றாவது வழி, மாதக் கடைசியில் நம் ஆளே குடோனுக்குப் போய் எண்ணுவது. மருந்து மொத்த விற்பனையில் கம்பெனிப் பிரதிநிதிகள் மாதம் பிறந்ததும் ஸ்டாக்கிஸ்டுகளிடம் போய் ஸ்டேட்மென்ட் வாங்குவது பழைய வழக்கம். பத்துப் பன்னிரண்டு விநியோகஸ்தர் வரை இது முடியும். அதற்கு மேல் ஆள் செலவு தாங்காது. எண்ணுபவருக்கே டார்கெட் இருந்தால் எண்ணிக்கையும் அதற்கேற்ப வளையும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப்பிரிவு ஆள் போக வேண்டும்.

எந்த வழியானாலும் கேட்பதைக் குறைத்துக் கேளுங்கள். தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, டேமேஜ், இறுதி இருப்பு, மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் சரக்கு என ஆறு கட்டங்கள் போதும். டேலி போன்ற மென்பொருள் வைத்திருப்பவருக்கு முதல் ஐந்தையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம். வேறு படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள்.

கடைக்காரர்கள் பெயர்ப் பட்டியலைக் கேட்டால், நாளைக்கு நேரடியாகப் போய்விடுவீர்கள் என்ற பயம் விநியோகஸ்தருக்கு வரும். என்ன விலைக்கு விற்றார் என்பதையும் கேட்காதீர்கள். அது விலையைக் கட்டுப்படுத்தும் முயற்சியாகப் பார்க்கப்படலாம். விநியோகஸ்தரின் மறுவிற்பனை விலையையோ தள்ளுபடியையோ கட்டுப்படுத்துவது 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3(4)-ன் கீழ் கேள்விக்குள்ளாகும். டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு வரம்பு வைத்ததற்காக 2021-ல் மாருதி சுசுகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சிறு நிறுவனத்தின் மேல் ஆணையம் பாயாமல் போகலாம். ஆனாலும் விலைக் கட்டம் உங்கள் படிவத்தில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

கடனும் ஏரியா உரிமையும் பெற்றவர்களுக்கு மட்டும் சப்ளை நிபந்தனை போடுங்கள். மற்றவர்களுக்கு ஸ்கீம், கிளைமோடு கணக்கைக் கட்டிவிடுங்கள். முன்பணம் கட்டி, எக்ஸ்பைரியையும் தானே சுமப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள்.